ட்ரெயின் டியூபோடு பன்னிரண்டு நாள்: வீட்டில் அம்மாவின் புண்ணைப் பார்த்துக்கொண்ட பதிவு

அம்மாவுக்குத் திங்கட்கிழமை மார்பக அறுவை சிகிச்சை. வலது மார்பகத்தோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். புதன் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு பை மருந்து, ஒரு கட்டு காஸ் துணி. அம்மாவின் விலாப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய டியூப் இறங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பல்பில் முடிந்தது. வார்டில் சிஸ்டர் ஒரு தடவை காலி செய்து காட்டினார், பிறகு என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான் பயிற்சி. மீதியை அடுத்த பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு நாள் நோட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து நாங்கள் தவறாகச் சந்தோஷப்பட இருந்தோம். இந்தப் பதிவை எழுத அதுதான் முக்கியக் காரணம்.

முதலில், ட்ரெயின் என்று சொல்லப்படும் அந்த நீர் வடிக்கும் டியூப் எதற்கு என்பது. சதையை எடுத்த இடத்தில் தோலுக்கும் அடியில் இருக்கும் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். உடம்பு அதை நீரால் நிரப்பும். நீர் அங்கே தேங்கினால் தோல் தசையோடு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் இன்னும் நீர் சேரும். பல்பை அமுக்கி மூடினால் அது விரியப் பார்க்கும், அந்த இழுப்பில் நீர் வெளியே வரும், தோலும் அடியில் போய்ப் படியும். ஆக, பல்ப் என்பது வெறும் சேகரிக்கும் பாத்திரம் இல்லை. இழுப்புதான் அதன் வேலை. உப்பிப்போன பல்ப் தொங்கிக்கொண்டிருப்பதும் ட்ரெயினே இல்லாமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது புரிந்த பிறகு மற்ற எல்லாமே எனக்குச் சுலபமாக ஞாபகம் இருந்தது.

காலி செய்வது

எங்கள் பல்ப் 100 மில்லி பிடிக்கும். பாதி நிறைந்தாலே இழுப்பு குறைந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே காலி செய்ய வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை வைத்துக்கொண்டேன். ஒரே நேரங்களில் செய்தால்தான் 24 மணி நேரக் கணக்கு சரியாக வரும். மருத்துவர் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஆரம்பிப்பேன். சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கை கழுவி, துடைத்து, க்ளவுஸ் போட்டுக்கொள்வேன். முதல் வேலை டியூபை நீவி விடுவது. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் டியூபைத் தோலுக்கு மிக அருகில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கை அசையவே கூடாது. அசைந்தால் தோலில் போட்டிருக்கும் தையல் இழுபடும், அம்மா முகம் சுளிப்பார். வலது கையால் அதற்குச் சற்றுக் கீழே டியூபை நசுக்கிப் பிடித்து, அப்படியே பல்ப் வரை வழித்துக்கொண்டு போக வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் டியூபைச் சுற்றிப் பிடித்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் டியூப் ரப்பர் மாதிரி நீளும். போனதும் விட்டுவிட்டு மறுபடி மேலிருந்து. இரண்டு மூன்று தடவை போதும். திசை எப்போதும் உடம்பிலிருந்து பல்பை நோக்கித்தான். நீவி விடுவதை எல்லா ட்ரெயினுக்கும் எல்லா மருத்துவர்களும் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்லிக் காட்டியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அப்புறம் பல்பின் மூடியைத் திறந்து, அளவுக் குவளையில் கவிழ்த்து அமுக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தையும் வாயையும் விரலாலோ குவளை விளிம்பாலோ தொடக்கூடாது. குவளையை மேஜை மேல் வைத்து, நாம் குனிந்து, கண்ணும் நீர்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி அளவு பார்க்க வேண்டும். பல்பிலேயே கோடுகள் இருக்கின்றனவே என்று முதல் நாள் அதைப் பார்த்து எழுதினேன். 60 போலத் தெரிந்தது, குவளையில் ஊற்றினால் 45. அமுங்கி மடிந்திருக்கும் பல்பில் அந்தக் கோடுகளுக்கு அர்த்தமில்லை.

மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பல்பின் இரண்டு பக்கமும் ஒட்டும் அளவுக்கு உள்ளங்கையில் நசுக்கி, நசுக்கியபடியே மூட வேண்டும். மூடிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பல்பை உள்ளே தண்ணீர் விட்டு அலசக்கூடாது. நீரைக் கழிப்பறையில் ஊற்றி, குவளையைக் கழுவிக் காயவைத்து, நேரம், அளவு, நிறம் மூன்றையும் அப்போதே எழுதிவிடுவேன். இரண்டு ட்ரெயின் இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும். இரண்டையும் கூட்டி எழுதினால் எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று மருத்துவரால் சொல்ல முடியாது.

பல்ப் எப்போதும் புண்ணுக்குக் கீழே தொங்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டையின் உள்ளே, பல்பின் காதை மட்டும் ஊக்கால் மாட்டினேன். டியூபில் ஊக்கு படவே கூடாது. இரவில் டியூப் உடம்புக்கு அடியில் மாட்டாமல் இருக்க, பல்பை இடது பக்கம் கொண்டுவந்து வைத்தேன். அம்மா இடது பக்கமாகவோ மல்லாந்தோ மட்டும் படுத்தார்.

டியூப் நுழையும் இடம்

டிஸ்சார்ஜுக்கு முன்னால் சிஸ்டர் ஒரு பேனாவை எடுத்து, டியூப் தோலுக்குள் நுழையும் இடத்தில் டியூபின் மேல் ஒரு கோடு போட்டார். "தினமும் இந்தக் கோடு தோலோட ஒட்டி இருக்கான்னு பாருங்க. விலகியிருந்தா போன் பண்ணுங்க" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான யோசனை அதுதான். டியூபின் உள்முனையில் பக்கவாட்டில் நிறைய ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்று தோலுக்கு வெளியே வந்துவிட்டால் பல்ப் காற்றை இழுத்து உடனே உப்பிவிடும், எத்தனை தடவை நசுக்கி மூடினாலும் நிற்காது. கோடு இருந்தால் டியூப் நகர்ந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

தினம் ஒரு தடவை அந்த இடத்துக் காஸை மாற்றினேன். நனைந்திருந்தால் உடனே மாற்றுவேன். பழைய காஸை எடுக்கும்போது ஒரு கை டியூபைப் பிடித்திருக்க வேண்டும். பழைய துணியோடு டியூபும் சேர்ந்து வந்துவிடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். க்ளவுஸை மாற்றிவிட்டு, சலைனில் நனைத்த காஸால் ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைத்தேன். ஒரு துண்டு ஒரு தடவைக்குத்தான். வெளியே போன துணியை மறுபடி உள்ளே கொண்டுவரக்கூடாது. உலரவிட்டு, ஒரு பக்கம் நடுவரை வெட்டிய காஸை டியூபைச் சுற்றி நுழைத்து, மேலே இன்னொன்று வைத்து ஒட்டினேன். பவுடர், மஞ்சள் மருந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எழுதிக் கொடுக்காத எதையும் வைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை: டியூபை ஒரு சின்ன வளையமாக வளைத்து, காஸுக்கு இரண்டு விரல் கீழே வயிற்றுத் தோலில் தனி டேப்பால் ஒட்டினேன். பல்ப் எங்கேயாவது மாட்டி இழுத்தால் அந்த இழுப்பு டேப்போடு நின்றுவிடும், தையலுக்குப் போகாது. வளையத்தை மடிப்பு விழாத அளவுக்குப் பெரிதாக வைக்க வேண்டும்.

ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன நாணயம் அளவுக்குச் சிவப்பு இருக்கும். டியூபும் தையலும் உரசுவதால் வருவது அது. நான் அதன் ஓரத்தைப் பேனாவால் மெலிதாக வரைந்து வைத்தேன். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை என்றால் நிம்மதி. தாண்டியிருந்தால், அதோடு சூடும் வலியும் கூடியிருந்தால், அது போன் செய்ய வேண்டிய விஷயம்.

பெரிய தையலின் மேல் இருந்த ஒட்டுப் பட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் அங்கே எனக்கு வேலை குறைவு. ஆனால் தினமும் காலை வெளிச்சத்தில் அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கும் தோலைப் பார்த்தேன். தையல் ஓரம் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுகிறதா, எங்கேயாவது புடைத்திருக்கிறதா, பட்டைக்கு அடியில் சீழ் நிறத்தில் ஈரம் தெரிகிறதா, நாற்றம் வருகிறதா, இவ்வளவுதான். ட்ரெயின் இருக்கும்வரை குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பு மட்டும் என்பது எங்கள் மருத்துவர் வைத்த விதி. இதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன், எல்லாம் மில்லியில்:

வியாழன்: 45, 35, 30. மொத்தம் 110. சிவப்பு, நீர்த்தது.
வெள்ளி: 40, 30, 25. மொத்தம் 95. சிவப்பு.
சனி: 35, 25, 25. மொத்தம் 85. இளஞ்சிவப்பு.
ஞாயிறு: 30, 8, 2.

மதியம் 8 வந்தபோது அம்மாதான் முதலில் சொன்னார்: "பரவாயில்லையே பாப்பா, வத்த ஆரம்பிச்சிருச்சு." எனக்கும் அப்படித்தான் பட்டது. 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மனசுக்குள் செவ்வாய்க்கிழமையே எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அன்று மதியம் அவசரத்தில் நீவி விடாமலே காலி செய்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரவு 10 மணிக்கு 2 மில்லி. ஆனால் சட்டையைத் திறந்தால் காஸ் முழுக்க நனைந்து, டேப் கழன்று, இடுப்புப் பக்கத்துத் துணி வரை ஈரம். நீர் வற்றவில்லை. வழக்கமான வழி அடைபட்டதால் டியூபைச் சுற்றியிருந்த இடைவெளியில் கசிந்து வெளியே வந்திருக்கிறது.

பதறாமல் மேலிருந்து கீழே பார்த்தேன். பேனாக் கோடு தோலோடு ஒட்டித்தான் இருந்தது, டியூப் நகரவில்லை. எங்கும் மடிப்பு இல்லை. பல்ப் நசுங்கியபடியே இருந்தது, அதாவது காற்றுக் கசிவும் இல்லை. இழுப்பு இருக்கிறது, நீர் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எதுவோ அடைக்கிறது. விளக்குக்கு நேராக டியூபைத் தூக்கிப் பார்த்தபோது, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுஞ்சிவப்பாக நூல் போல ஒரு ரத்தக் கட்டி தெரிந்தது. அதற்குக் கீழே டியூப் காலி.

வார்டுக்குப் போன் செய்தேன். சிஸ்டர் காய்ச்சல் இருக்கிறதா, மார்பில் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. "நல்லா நீவி விடுங்க, அரை மணி நேரத்துல நகரலன்னா கூட்டிட்டு வாங்க. சிரிஞ்ச் வெச்சு எதையும் உள்ள தள்ளிடாதீங்க" என்றார். தோல் பக்கத்தில் இடது கையைப் பூட்டு மாதிரி வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வழித்தேன். மூன்றாவது தடவையில் கட்டி ஓர் அங்குலம் நகர்ந்தது. ஐந்தாவது தடவையில் சரேலென்று பல்புக்குள் போய் விழுந்தது. அதன் பின்னாலேயே இளஞ்சிவப்பு நீர் டியூப் முழுக்க ஓடி வந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு விட்டேன்.

11 மணிக்குக் குவளையில் 35 மில்லி. ஆக ஞாயிறின் கணக்கு 40 இல்லை, 75. அதற்கு மேல் காஸ் குடித்ததைச் சேர்க்கவும் இல்லை. சனி 85, ஞாயிறு 75, திங்கள் 65 என்று வரிசை எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்கியது. நிஜமாக வற்றும் ட்ரெயின் இப்படித்தான் படிப்படியாக வற்றுகிறது, ஒரே வேளையில் 25-லிருந்து 8-க்கு விழுவதில்லை. திடீரென்று விழுந்தால் முதலில் காஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் பல்ப், அப்புறம் டியூபை விளக்கு வெளிச்சத்தில். காஸ் காய்ந்து, பல்ப் நசுங்கி, டியூபில் தெளிந்த நீர் மட்டும் இருந்தால்தான் குறைந்த எண்ணை நம்பலாம். அன்றிலிருந்து நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டேன்: காஸ் ஈரமா, காய்ந்ததா.

இரண்டாவது வாரம்

செவ்வாய் 55, புதன் 45. நிறம் வைக்கோல் மாதிரி வெளுத்த மஞ்சளுக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை 58. ஏறியதே என்று கேட்டால், அம்மா அன்று நான் இல்லாத நேரத்தில் அலமாரியின் மேல்தட்டை ஒழுங்கு செய்திருக்கிறார். கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போது இன்னும் ஒட்டாத தோல் அடியில் உரசும், நீர் கூடும். நிறம் மஞ்சளாகவே இருந்ததாலும் வலியோ காய்ச்சலோ இல்லாததாலும் மறுநாள் வரை பொறுத்துப் பார்த்தேன். வெள்ளி 40-க்கு இறங்கியது. சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சிகளை அதற்காக நிறுத்தவில்லை, தோள் உயரத்தோடு நிறுத்திக்கொண்டோம். கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், அது வேறு துன்பம்.

சனி விடியற்காலை பல்ப் உப்பியிருந்தது. மறுபடி நசுக்கி மூடினேன், பத்து நிமிடத்தில் திரும்ப உப்பியது. கோடு சரியாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், அதன் ஓரத்தில் காய்ந்த கசிவு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது, அதனால் அது முழுக்க உட்காரவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்து அழுத்தி மூடியதும் நின்றுவிட்டது. மூடியிலும் பிரச்சினை இல்லை, இணைப்பும் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் உப்புகிறது என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, போன் செய்ய வேண்டியதுதான்.

எப்போது பொறுக்கவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று புது ரத்தமாகச் சிவந்து மாறி பல்ப் வேகமாக நிறைந்தாலோ, மார்புப் பக்கம் இறுக்கமாகப் புடைத்தாலோ, போன் செய்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, கலங்கலான அல்லது நாற்றமடிக்கும் நீர் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், அடுத்த செக்கப் வரை வைத்திருக்கக்கூடாது. டியூப் வெளியே வந்துவிட்டால் எவ்வளவு கொஞ்சம் வந்திருந்தாலும் திரும்பத் தள்ளக்கூடாது. முழுக்க வந்துவிட்டால் சுத்தமான காஸை வைத்து அழுத்தி ஒட்டிவிட்டு, வந்த டியூபையும் கையோடு கொண்டுபோக வேண்டும், நுனி முழுசாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சனி 28, ஞாயிறு 24. காஸ் இரண்டு நாளும் காய்ந்திருந்தது. திங்கள் காலை நோட்டோடு போனோம். மருத்துவர் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமையில் நிறுத்தி, "இது என்ன, 2?" என்றார். பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். அப்புறம் தையலை வெட்டி, அம்மாவை மூச்சை இழுத்து விடச் சொல்லி, விடும்போது டியூபை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். உள்ளே இருந்த பகுதி நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நீளம்.

ஓட்டை மேல் காஸ் வைத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கொஞ்சம் மஞ்சளாகக் கசிந்தது, பிறகு மூடிக்கொண்டது. ட்ரெயின் எடுத்த பிறகும் தோலுக்கடியில் நீர் சேரலாம், கையை வைத்து அமுக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும், அப்படி இருந்தால் வந்து ஊசியால் எடுத்துக்கொள்ளலாம், வீட்டில் பிதுக்கவோ குத்தவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் தினமும் காலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நோட்டின் கடைசி வரி: "திங்கள், காலை 7. தளும்பல் இல்லை. காஸ் தேவையில்லை. அம்மா குளித்தார்."